விடிய விடிய காமன் கூத்து: ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ வராமல் எடுப்பது எப்படி? 30ஆ, 60ஆ?

மஸ்கெலியாத் தம்பி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து நடக்கும். கடைசி ராத்திரி விடிய விடிய ஆட்டம். போன வருசம் ரதி மதன் ஆட்டத்தை எல்லாம் போனில் எடுத்துக்கொண்டே வந்தேன். சிவன் காமனை எரிக்கும் கட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று போன் தானாகவே நிறுத்திவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் அக்காவும் டோஹாவில் இருக்கும் மாமாவும் கேட்டதே அந்தக் கட்டத்தைத்தான்.

என்னுடையது விலை குறைந்த போன். 32 ஜி.பி என்று பெட்டியில் போட்டிருக்கிறது, இப்போது 6.2 ஜி.பி காலி. கேமராவில் FHD 30, FHD 60, HD 30 என்று மூன்று இருக்கிறது. 60 வைத்தால்தான் தெளிவு என்று கடையில் சொன்னார்கள், அதில்தான் எடுத்தேன். மெமரி கார்ட் போட இடம் இருக்கிறது, கார்ட் இல்லை. இந்த முறை முழுக்கூத்தும் வேண்டும் என்று பேராசை இல்லை. முக்கியமான கட்டங்கள் விடுபடாமல் இருந்தால் போதும்.

ஹட்டன் சுதா

மச்சான், இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? 60 என்றால் ஒரு செக்கனுக்கு 60 படம். 30 வைத்தால் பாதி படம், பாதி இடம். அதைவிடக் குறைய வேண்டும் என்றால் 24 வை. சினிமாவே 24தான். உன் கேமராவில் 24 இல்லாவிட்டால் Open Camera போட்டுக்கொள், அதில் ஃப்ரேம் எண்ணிக்கையை நாமே மாற்றலாம். நான் எப்போதும் 24தான்.

பதுளை வீடியோக்காரர்

சுதா சொன்னதில் Open Camera போடச் சொன்னது சரி. ‘பாதி படம், பாதி இடம்’ என்ற கணக்கு மட்டும் அப்படி வேலை செய்யாது. கலியாண வீடியோ எடுக்கும் வேலையில் தினமும் இந்தக் கேள்வி வருவதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

போன் ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. ஒரு செக்கனுக்கு இவ்வளவு மெகாபிட் என்று முதலிலேயே ஒரு பங்கீடு வைத்துக்கொண்டு, அந்த அளவுக்குள் படங்களை அடக்குகிறது. இதைத்தான் பிட்ரேட் என்கிறார்கள். இடத்தைத் தின்பது அதுதான். பல போன்களில் FHD, அதாவது 1080 அளவில் 30 ஃப்ரேமுக்கு 17 மெகாபிட் அளவில் வைத்திருப்பார்கள், 60க்கு 28 அளவில். கவனியுங்கள், 60இல் ஃப்ரேம் இரண்டு மடங்கு, ஆனால் பிட்ரேட் இரண்டு மடங்கு இல்லை. அடுத்தடுத்த படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருப்பதால் அவ்வளவு தேவைப்படாது.

```
நிமிடத்துக்கு எம்.பி = செக்கனுக்கு மெகாபிட் × 60 செக்கன் ÷ 8
17 × 60 ÷ 8 = 127.5
28 × 60 ÷ 8 = 210
```

இப்போது 24க்கு வருவோம். பிட்ரேட்டைத் தொடாமல் 30ஐ 24 ஆக்கினால், அதே 17 மெகாபிட்டை 30 படத்துக்குப் பதில் 24 படம் பங்குபோட்டுக்கொள்ளும். ஒவ்வொரு படமும் கொஞ்சம் நன்றாக இருக்கும், ஃபைல் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். இடம் மிச்சப்பட வேண்டும் என்றால் பிட்ரேட்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

தம்பி, என் எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், போனுக்குப் போன் மாறும். மூன்று அமைப்பிலும் ஒவ்வொரு நிமிடம் எடுத்து, கேலரியில் விவரத்தைத் திறந்து எத்தனை எம்.பி என்று எழுதிப் போடுங்கள். ராத்திரியில், கூத்து நடக்கும் மாதிரியான வெளிச்சத்தில் எடுங்கள். பகலில் சுவரைப் பார்த்து எடுத்தால் அசைவே இல்லாததால் அளவு குறைத்துக் காட்டும்.

நானுஓயா டீச்சர்

எனக்கும் இதே பிரச்சினைதான். ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று கிழமைக்கு ஒருமுறை மெயில் வருகிறது. பாடசாலை விளையாட்டுப் போட்டி வீடியோக்களைப் பாதி அழித்துவிட்டேன், மெயில் நின்றபாடில்லை. நானும் 30க்கு மாற்ற வேண்டுமா? ஓட்டப்போட்டி எடுக்க 60 நன்றாக இருந்ததே.

கொட்டகலை மணி

டீச்சர், மெயிலில் வருகிறது என்றால் அது கூகுள் கணக்கின் 15 ஜி.பி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து இலவசமாகத் தரும் இடம் அது. போனுக்குள் இருக்கும் இடம் வேறு. தம்பிக்கு நிறைந்தது போன். உங்கள் போனில் இடம் நிறையவே இருக்கலாம். ஃப்ரேமை மாற்றினாலும் ஏற்கெனவே மேலே ஏறியது குறையாது.

நானுஓயா டீச்சர்

அப்படியா! செட்டிங்ஸில் பார்த்தேன், போனில் 41 ஜி.பி காலி. பாதி வீடியோவை வீணாக அழித்துவிட்டேனே.

கொட்டகலை மணி

எதில் அழித்தீர்கள்? கூகுள் போட்டோஸ் என்றால் உள்ளே Trash பாருங்கள். பேக்கப் ஆனவை 60 நாள் அங்கே இருக்கும், ஆகாதவை 30 நாள். திரும்ப எடுக்கலாம்.

தம்பிக்கும் இதுவே மறுபக்கமாகப் பொருந்தும். அழித்த வீடியோ குப்பையில் இருக்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது, அதையும் காலி செய்தால்தான் உண்டு. அப்புறம் வாட்ஸ்அப். நீங்கள் அனுப்பும் வீடியோவுக்கு Sent என்ற ஃபோல்டரில் இன்னொரு பிரதி கிடக்கும். கேலரியில் பெரும்பாலும் கண்ணில் படாது. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் Storage and data போய் Manage storage திறந்தால் எந்த குரூப் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பெரியது முதலில் வரிசையாகக் காட்டும். தோட்டத்து குரூப்பில் காலை வணக்கம் வீடியோவே ஒரு ஜி.பி இருக்கும், பந்தயம்.

மஸ்கெலியாத் தம்பி

மணி அண்ணே சொன்னது போலவே Sent ஃபோல்டர் நிறையத்தான் இருந்தது. குப்பையையும் காலி செய்தேன். ஆனால் அதற்குள் தங்கச்சி அவளுடைய ஒன்லைன் வகுப்புப் பாடங்களை இறக்கிவிட்டாள், அதனால் சுற்றிச் சுற்றி அதே 6.2தான்!

வீடியோ அண்ணே, நேற்றிரவு லயத்து வாசலில், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு FHD 60 இல் 212 எம்.பி, FHD 30 இல் 131, HD 30 இல் 92. இன்னொரு சங்கதி, 60இல் எடுத்ததில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுகின்றன. படமும் இருட்டு. 30இல் அந்தப் பட்டை இல்லை. போன வருசம் எடுத்ததையும் திறந்து பார்த்தேன், அதிலும் பட்டை இருக்கிறது. அப்போது கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

பதுளை வீடியோக்காரர்

கேமராவில் ஒன்றும் இல்லை. கரண்ட் செய்கிற வேலை அது. 30ஆ 60ஆ என்ற கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப்லைட்டும் மலிவான எல்.ஈ.டி பல்புகளும் செக்கனுக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஒரு ஃப்ரேமுக்கு வெளிச்சம் வாங்கும் நேரம் 1/100 செக்கனாகவோ அதன் முழு மடங்காகவோ இருந்தால், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒரே அளவு வெளிச்சத்தை வாங்கும், பட்டை வராது. இடைப்பட்ட நேரமாக இருந்தால் படத்தின் ஒரு பகுதி பிரகாசமான நேரத்திலும் இன்னொரு பகுதி மங்கிய நேரத்திலும் பதிவாகும். அதுதான் நீங்கள் பார்த்த பட்டை.

60 ஃப்ரேமில் ஒரு படத்துக்கு அதிகபட்சம் 1/60 செக்கன்தான் கிடைக்கும். அதற்குள் பட்டை வராத ஒரே நேரம் 1/100. ராத்திரியில் அது போதாது என்று போன் 1/60 வரை நீட்டும், உடனே பட்டை ஓடும். 30 ஃப்ரேமில் 1/30 வரை இடம் இருக்கிறது, எனவே மூன்று முழுச் சுற்று, அதாவது 3/100 செக்கன் வெளிச்சம் வாங்கலாம். 1/100 ஓடு ஒப்பிட்டால் மூன்று மடங்கு வெளிச்சம். பட்டையும் இல்லை, இருட்டும் குறைவு. உங்கள் போன் 30இல் இதைத்தான் தானாகச் செய்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இருட்டில் சின்ன கேமரா எடுக்கும் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். அந்தப் புள்ளிகள் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கொண்டே இருப்பதால், அடுத்த படமும் ஒன்றுபோலத்தானே என்று போன் சுருக்க முடியாது. பிட்ரேட் முழுக்கப் புள்ளிகளைச் சேமிப்பதிலேயே போய்விடும். 60இல் ஒவ்வொரு படமும் இருட்டாக இருப்பதால் இரைச்சல் இன்னும் கூடும். 212 எம்.பி கொடுத்துப் புள்ளிகளை வாங்குகிறீர்கள்.

ஆகவே ராத்திரிக் கூத்துக்கு 30. டீச்சர் கேட்டதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பகல் வெயிலில் ஓட்டப்போட்டிக்கு 60 அருமை. முடிவுக் கோட்டை யார் முதலில் தொட்டது என்று மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பல மலிவு போன்களில் 60 வைத்தால் கை ஆட்டத்தைச் சமன் செய்யும் வசதி அணைந்துவிடும், கை நடுங்காமல் பிடிக்க வேண்டும்.

ஹட்டன் சுதா

அண்ணே, ஒன்று இடிக்கிறது. ஃப்ரேம் குறைந்தால் ஃபைல் குறையாது என்கிறீர்கள். என் போன் இருட்டில் தானாகவே 20 ஃப்ரேம் அளவுக்கு இறங்கிவிடும். அப்படி எடுத்தவை பகலில் எடுத்ததைவிடச் சிறிதாகத்தான் இருக்கின்றன. இப்போதும் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பதுளை வீடியோக்காரர்

இருக்கலாம். சில போன்கள் பங்கீட்டை ஃப்ரேம் கணக்கில் பிரித்துக் கொடுக்கும், எதிர்பார்த்ததைவிடக் குறைவாகப் படம் வந்தால் ஃபைலும் சிறுக்கும். சில நேரத்தை வைத்துப் பிரிக்கும், அவற்றில் சிறுக்காது. உங்கள் போன் முதல் வகையாக இருக்கும். தம்பியின் போன் எந்த வகை என்று அவர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தம்பி, உங்கள் கணக்கைப் போடுகிறேன். 6.2 ஜி.பியில் ஒரு ஜி.பியைத் தொடவே கூடாது. ஆண்ட்ராய்டில் கிட்டத்தட்ட 500 எம்.பிக்குக் கீழே போனால் ‘இடம் குறைவு’ எச்சரிக்கை தொடங்கும், அதற்கப்புறம் எந்த ஆப் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி இல்லை. வீடியோ ஃபைலை முடித்து மூடும்போதுதான் அதன் அட்டவணை எழுதப்படும். நடுவில் ஆப் செத்துப்போனால் ஃபைல் இருக்கும், ஆனால் ஓடாது. எனவே கையில் 5.2 ஜி.பி.

FHD 60 இல் அது 24 நிமிடம். FHD 30 இல் 39 நிமிடம். HD 30 இல் 56. ஒரு ராத்திரிக்கு இது எதுவும் காணாது. கார்டே வாங்காமல் சமாளிப்பதானால் Open Camera வில் HD, அதாவது 720 அளவு, Video frame rate 30, Video bitrate 6 மெகாபிட் வையுங்கள். நிமிடத்துக்குச் சத்தத்தோடு சேர்த்து 46 எம்.பி அளவு, 113 நிமிடம் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது எப்படியும் அது சுருக்கத்தான் போகிறது, மாமாவுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் தீ எரியும் கட்டத்தில் 6 மெகாபிட் போதாது. தீயும் புகையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் மாறும், கட்டம் கட்டமாக உடையும். அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் FHD 30க்கு மாறிக்கொள்ளுங்கள். அதற்காக 15 நிமிடம், அதாவது 2 ஜி.பி ஒதுக்கி வைத்தால் மீதி 3.2 ஜி.பியில் சின்ன பிட்ரேட்டில் 69 நிமிடம்.

கொட்டகலை மணி

இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு, கார்ட் ஒன்று வாங்கச் சொல்லுங்களேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 512 ஜி.பி கார்ட் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குப் பார்த்தேன்.

பதுளை வீடியோக்காரர்

அந்த விலைக்கு அந்த அளவு வராது மணி. உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜி.பியாக இருக்கும், போனுக்கு 512 என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். நிறைந்ததும் பிழைகூடக் காட்டாமல் எழுதிக்கொண்டே போகும், வீட்டுக்கு வந்து பார்த்தால் எதுவும் திறக்காது. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று நேர்மையாக நிற்பது இதைவிட எவ்வளவோ மேல். எந்தக் கார்ட் வாங்கினாலும் கணினியில் H2testw என்ற சின்ன மென்பொருளால் முழுதாக எழுதி, வாசித்துச் சோதியுங்கள். 64 ஜி.பிக்குச் சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

தம்பிக்கு 64 போதும். FHD 30 இல் மணிக்கு 7.9 ஜி.பி, ஆகவே ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. வேகத்துக்குப் பயப்பட வேண்டாம், செக்கனுக்கு 2.2 எம்.பிதான் எழுத வேண்டும், கிளாஸ் 10 என்று போட்ட உண்மையான கார்ட் 10 எம்.பி தாங்கும். பழைய 32 ஜி.பி கார்ட் யாரிடமாவது வாங்கிப் போட்டால் அது பெரும்பாலும் FAT32 முறையில் இருக்கும், ஒரு ஃபைல் 4 ஜி.பியைத் தாண்ட முடியாது. உங்கள் அளவில் அது அரை மணிக்குச் சற்று மேல். சில போன்கள் அங்கே தானாகவே அடுத்த ஃபைலைத் தொடங்கும், சில நின்றுவிடும். Open Camera வில் Restart on max file size என்பதை இயக்கி வைத்தால் தொடரும், இடையில் கண் இமைக்கும் நேரம் விடுபடலாம். 64உம் அதற்கு மேலும் என்றால் exFAT, அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் நான் அரை மணிக்கு ஒருமுறை நானாகவே நிறுத்தித் தொடங்குவேன். ஒரு ஃபைல் கெட்டாலும் மற்றது மிஞ்சும்.

கார்ட் போட்டதும் கேமரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடத்தை மாற்ற மறக்க வேண்டாம். பலர் கார்டை மாட்டிவிட்டு, பழையபடி போனுக்குள்ளேயே எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாற்றினாலும் போனுக்குள் அந்த ஒரு ஜி.பி காலியாகவே இருக்கட்டும். சின்னப் படங்களையும் ஆப்பின் தற்காலிக ஃபைல்களையும் போன் தனக்குள்ளேதான் வைக்கும்.

நானுஓயா டீச்சர்

Trash இல் எல்லாமே இருந்தது, திரும்ப எடுத்துவிட்டேன், நன்றி மணி. தம்பி, மாசி ராத்திரிக் குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பவர் பேங்க் கொண்டுபோங்கள். ஏரோபிளேன் மோடும் போட்டுவிடுங்கள். எங்கள் பரிசளிப்பு விழாவில் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது.

மஸ்கெலியாத் தம்பி

64 ஜி.பி கார்ட் ஹட்டனில் பில்லோடு வாங்கினேன். அண்ணன் சொன்ன சோதனை பிழை இல்லாமல் முடிந்தது. கோயில் மண்டபத்தில் ஒத்திகை நடந்தபோது FHD 30 இல் அரை மணி நேரம் எடுத்தேன், பட்டை இல்லை, 3.9 ஜி.பி, ஒரே ஃபைல்.

சுதா அண்ணன் சொன்னதையும் விட்டுவைக்கவில்லை. Open Camera வில் 24, 25 இரண்டும் வைத்துப் பார்த்தேன். ஆனால் VLC இல் விவரத்தைத் திறந்தால் இரண்டுமே 30 என்றுதான் காட்டுகிறது. நான் எங்காவது வேறு எதையும் மாற்ற வேண்டுமா?

பதுளை வீடியோக்காரர்

வேண்டாம். அந்த எண்ணை ஆப் கேட்கும், கேமராவை இயக்கும் டிரைவர் மென்பொருள் தன்னால் முடிந்ததைத்தான் கொடுக்கும். மலிவு போன்கள் பலவற்றில் 30 மட்டுமே நிலையாகக் கிடைக்கும். 30இலேயே பட்டை இல்லாததால் 25ஐத் துரத்திப் பயனில்லை.

ஹட்டன் சுதா

என் போனில் VLC 24 என்றே காட்டுகிறது. அதே ஆப், அதே அமைப்பு. பிட்ரேட்டையும் கொஞ்சம் குறைத்து இன்று ராத்திரி எடுத்துப் பார்க்கிறேன். படம் உடைந்தால் நீங்கள் வென்றீர்கள்.

கொட்டகலை மணி

தப்புச் சத்தம் பற்றி யாரும் பேசவே இல்லையே. மேளத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் சத்தம் உடைந்து கரகரக்கிறது. அதற்கு ஏதாவது செட்டிங் உண்டா?

பதுளை வீடியோக்காரர்

இந்த விலை போன்களில் செட்டிங்கைவிடத் தூரம்தான் மருந்து. தப்பு அடிப்பவர்களிடமிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஆட்டக்காரர் பக்கம் நில்லுங்கள். மீதியைத் தனி இழையாகப் போடுங்கள் மணி, இங்கே தொலைந்துபோகும்.